தூக்கும் காற்றும் தாங்கும் கயிறும்

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த பேராக்காரர்களிடம் ஒரு கேள்வி உண்டு. அந்தக் காலத்தில் மூங்கிலை வெட்டி வந்து, கீற்று முடைந்து, கயிற்றால் கட்டிய பந்தல் திருவிழா முடியும்வரை நின்றது. அதில் ஓர் ஆணிகூட இருக்காது. இன்று ஈப்போவில் ஒரு தாமான் கோயில் வாசலில் இரும்புக் குழாய் நட்டு, தடித்த பிளாஸ்டிக் துணி போர்த்திப் போடும் கூடாரம், மழைக்கு முன் அடிக்கும் ஒரே காற்றில் கிளம்பிப் போய்ப் பக்கத்துக் கார்கள்மேல் கிடக்கிறது. இரும்பைவிட மூங்கில் வலிமையானதா? இல்லை. பிறகு எப்படி?

தோட்டத்துப் பந்தல்கள் எல்லாமே தப்பிப் பிழைத்தன என்று சொல்ல முடியாது. காற்றில் விழுந்த பந்தலும் உண்டு, மழையில் சரிந்த பந்தலும் உண்டு. ஆனாலும் கூடாரத்தைப் போல அது முழுசாகப் பறந்து போவது அரிது. அதற்கான காரணம் பந்தலின் பொருளைக் காட்டிலும் அதைக் கட்டிய முறையில் இருக்கிறது.

வீடு கட்டுகிறவர் பயப்படுவது எடைக்கு. செங்கல், ஓடு, சிமெண்டு எல்லாம் கீழே இழுக்கின்றன. சுவர் அதைத் தாங்க வேண்டும். பந்தல் கட்டுகிறவரின் கவலை இதற்கு நேர் எதிரானது. ஒரு நாளில் ஏற்றி, பத்தாம் நாள் இறக்க வேண்டிய கட்டடம் இலேசாகத்தான் இருக்க முடியும். இலேசான கூரையைக் கீழே தள்ள எதுவும் பெரிதாக இல்லை. மேலே தூக்கத்தான் ஒன்று காத்திருக்கிறது. அது காற்று. பெருங்காற்றில் பிடித்த குடை கையை விட்டு மேலே கிளம்பப் பார்ப்பதை எல்லாரும் உணர்ந்திருப்போம். அந்த இழுப்பைத் தூக்குவிசை என்று அழைக்கலாம். கூடாரத்துக்கும் பந்தலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தத் தூக்குவிசையை யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் அடங்கிவிடுகிறது.

முதலில் காற்று எவ்வளவு பலமானது என்று பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது எடையுள்ள பொருள்தான். வேகமாக வந்து மோதினால் தள்ளும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசையும் இரட்டிப்பாகும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அது நான்கு மடங்காகிறது. வேகம் இரட்டிப்பானால் ஒரு வினாடியில் வந்து மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்கு. அந்தக் காற்று மோதும் வேகமும் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து நான்கு.

மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர்வரை வீசும் சுமத்ரா சூறைக்காற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமத்ராப் பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகக் கூட்டம், விடியலுக்கு முன்போ காலையிலோ கரையேறும். அதன் காற்று வழக்கமாக மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டர்வரை இருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஏழரை கிலோ எடைக்குச் சமம். 80 கிலோமீட்டரில் அது 30 கிலோ. சித்திரையிலிருந்து ஆடிவரை வரும் தோட்டத்துத் திருவிழாக்கள் எல்லாம் இந்த மாதங்களுக்குள்தான் விழுகின்றன.

இப்போது 20 அடிக்கு 20 அடி கூடாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையின் பரப்பு ஏறக்குறைய 37 சதுர மீட்டர். சட்டமும் துணியும் சேர்ந்து 200 கிலோ என்று வைப்போம். காற்றின் அழுத்தத்தில் பாதிதான் தூக்குவிசையாக மாறுகிறது என்று மிதமாகவே கணக்கிடுவோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் தூக்குவிசை 140 கிலோ. கூடாரம் அதன் எடையாலேயே அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து நாமும் பயமில்லை என்று நினைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்திலோ தூக்குவிசை ஏறக்குறைய 555 கிலோ. கூடாரத்தின் எடையைக் கழித்தாலும் 355 கிலோ விசை மேல் நோக்கி மிஞ்சுகிறது. கீழே பிடித்து வைக்க ஒன்றும் இல்லையென்றால் அது கிளம்பத்தான் செய்யும். நேற்றுவரை நின்றது என்பது இன்று நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது. காற்று இரட்டிப்பானால் கணக்கே மாறிவிடுகிறது.

காற்று பக்கவாட்டில்தானே வீசுகிறது, மேலே ஏன் தூக்குகிறது? கூரையின் விளிம்பில் மோதும் காற்று மேலே எழும்பி வளைந்து செல்லும்போது, கூரைமீது அழுத்தம் குறைகிறது. கீழே அழுத்தம் குறையாமல் இருப்பதால் கூரை மேல் நோக்கித் தள்ளப்படுகிறது. இதை உறிஞ்சல் என்பார்கள். இது ஊகம் இல்லை. அளந்து பார்த்த செய்தி. இங்கிலாந்தில் சில்சோ என்னும் இடத்தில் திறந்த வெளியில் 6 மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டடம் ஒன்றை நிறுத்தி, அதன் சுவரிலும் கூரையிலும் துளையிட்டு அழுத்தமானிகளைப் பொருத்தி, இயற்கைக் காற்றிலேயே அளந்தார்கள். காற்று வரும் பக்கத்துக் கூரை விளிம்பை ஒட்டி உறிஞ்சல் மிக அதிகம் என்பதும், உள்ளே போகப் போக அது குறைகிறது என்பதும் அந்த அளவுகளில் தெரிந்தது. காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரிகளை வைத்துச் செய்யும் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. அனுபவமுள்ள பந்தற்காரர் ஓரத்துக் கீற்றுகளுக்கு மட்டும் இரட்டைக் கட்டுப் போடுவது இதனால்தான் பொருளுள்ளது. கிழிவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

கூரைக்குக் கீழே காற்றுக்கு வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நான்கு பக்கமும் திறந்திருந்தால் வந்த காற்று மறுபக்கம் போய்விடும். ஒரு பக்கம் கோயில் சுவர், இன்னொரு பக்கம் மேடைக்குப் பின்னால் கட்டிய திரை என்று வழி அடைபட்டால், உள்ளே நுழைந்த காற்று அங்கேயே தேங்கிக் கூரையைக் கீழிருந்து முட்டும். மேலே உறிஞ்சல், கீழே முட்டல். இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. இடிமழைக்குச் சில நிமிடங்களுக்கு முன் திடீரென்று குளிர்ந்த காற்று வருமே, அது மேகத்திலிருந்து கீழே கொட்டி நாலாபக்கமும் பரவும் காற்றின் முன்வரிசை. அது முகத்தில் பட்டவுடன் பக்கத் திரைகளை அவிழ்த்துவிட்டால், கூரையைத் தாங்கும் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

இனிக் கீற்றுக்கு வருவோம். தென்னங்கீற்றைத் தண்ணீரில் ஊறவைத்து முடைந்தால் கிடுகு. பார்வைக்கு அது அடைத்த பாய் போல் இருந்தாலும் உண்மையில் இடுக்குகளின் தொகுப்பு. கூரைமீது உறிஞ்சல் உண்டானதும் கீழேயுள்ள காற்று அந்த இடுக்குகள் வழியே மேலே கசிந்து, இரு பக்க அழுத்தமும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அழுத்த வேறுபாடு குறைந்தால் தூக்குவிசையும் குறைகிறது. இதற்கு அழுத்தச் சமனாக்கம் என்று பெயர் வைக்கலாம். வீட்டுக் கூரை ஓடுகளிலும் இதுவேதான் நடக்கிறது. அடுக்கி வைத்த ஓடுகள் பெருங்காற்றிலும் கிடப்பதற்கு ஒரு காரணம், ஓடுகளுக்கு இடையே காற்று கசிவது. பிளாஸ்டிக் துணியிலோ தகரத்திலோ கசிய இடமில்லை. வேறுபாடு முழுவதையும் அவை தாங்கியாக வேண்டும்.

கீற்று தோற்கும் விதமும் வேறு. காற்று எல்லை மீறினால் ஒரு கிடுகு பிய்த்துக்கொண்டு போகும். அங்கே ஓர் ஓட்டை விழும்; அந்த ஓட்டை வழியே இன்னும் கொஞ்சம் காற்று வெளியேறி மற்றவற்றைக் காப்பாற்றும். பறந்த கிடுகு ஒருவர்மேல் விழுந்தாலும் பெரிய காயம் வராது. ஒரே துணியாலான கூரைக்கு இந்த வசதி கிடையாது. போனால் சட்டத்தோடு சேர்ந்து மொத்தமாகப் போகும். பிய்ந்து பறக்கும் தகரமோ கத்தி.

கீற்றுக்குக் குறை இல்லாமல் இல்லை. காற்றைக் கசிய விடும் கூரை தண்ணீரையும் கசிய விடப் பார்க்கும். தமிழ்நாட்டில் வெயிலுக்காகப் போடும் தட்டைப் பந்தல் பேராக்கில் உதவாது. இங்கே பிற்பகல் மழை எந்த நாளிலும் வரலாம். அதனால் கூரையைச் சரிவாக அமைத்து, மேல் வரிசைக் கிடுகு கீழ் வரிசையின் பாதிக்குமேல் மூடும்படி அடுக்க வேண்டும். நீர் இலையின் போக்கிலேயே வழிந்து, அடுத்த இலையின் முதுகில் விழுந்து, இறவாணம்வரை போய்விடும். நிப்பா ஓலையில் செய்த அத்தாப்புக் கூரையும் இதே முறைதான். நனைந்த கீற்று கனமாகும்; அந்தக் கனம் கூரையைக் கீழே அழுத்தித் துணை செய்யும். ஆனால் முதல் காற்று மழைக்கு முன்பே வந்துவிடுகிறது. கீற்று காய்ந்து இலேசாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சோதனை.

மழைக்குப் பயந்து கீற்றின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினால் இரண்டு தொல்லைகள் வரும். காற்றுக் கசிவு நின்று போகும். விரிப்பு எங்காவது தொய்ந்தால் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கினால் அது 100 கிலோ. அந்த எடையால் தொய்வு ஆழமாகும், ஆழமானதால் இன்னும் தண்ணீர் சேரும், சேர்ந்ததால் இன்னும் தொய்யும். பந்தல் மழையில் இறங்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் இறங்குகிறது. மழை விட்டபின் விரிப்பின் அடியில் வயிறு போல் ஒரு தொங்கல் தெரிந்தால், அடுத்த மழைக்கு முன் அதைக் கழியால் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொரு குறுக்குக் கழி கொடுக்க வேண்டும்.

கூரை இப்படி என்றால், எலும்புக்கூடு மூங்கில். தீபகற்பத்தில் எங்கும் கிடைக்கும் செமந்தான் மூங்கிலின் அறிவியல் பெயரில் பேராக்கின் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. 1880களில் பேராக் காடுகளில் செடிகொடிகளைச் சேகரித்த இத்தாலியப் பாதிரியார் பெனதெத்தோ ஸ்கோர்த்தெக்கினியின் பெயரைத்தான் அது தாங்கி நிற்கிறது. மூங்கில் உள்ளீடற்ற குழாய். அதன் நார்கள் எல்லாம் நீளவாட்டில் ஓடுகின்றன. வெளித்தோலை ஒட்டி அவை மிக அடர்த்தி. வளைக்கும் விசை அதிகம் படும் இடமும் வெளிப்புறம்தான் என்பதால், எடைக்கு எடை பார்த்தால் மூங்கில் மிக உறுதியானது. ஆனால் நார்களைக் குறுக்கே பிணைக்க அதிகம் எதுவும் இல்லை. ஆணி அடித்தால் நீளவாட்டில் பிளந்துகொள்ளும். ஆகவே கயிறு.

கயிறு பிடிப்பது உராய்வால். கழியைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டால் ஒரு பங்கு பிடி, இரண்டு சுற்றுக்கு இரண்டு பங்கு என்று அது கூடுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய பிடியைப் பெருக்குகிறது. ஒரு சுற்று ஆறு மடங்கு தாங்குமானால், இரண்டு சுற்று முப்பத்தாறு மடங்கு, மூன்று சுற்று இருநூறு மடங்குக்கும் மேல். எனவே இறுக்கிப் போட்ட மூன்று சுற்றுக்குப் பின் முடிச்சுக்குப் பெரிய வேலை இல்லை. இதற்கு மேல் இன்னொரு பலனும் உண்டு. காற்று உலுக்கும்போது கயிற்றுக் கட்டு கொஞ்சம் நகர்ந்து, உரசி, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. உலுக்கலின் ஆற்றல் அந்த உரசலில் செலவாகிவிடுகிறது. திருகி முறுக்கிய இரும்பு மூட்டு நகராது; ஓர் எல்லைவரை தாங்கி, பிறகு வளைந்தோ பிய்ந்தோ போகும்.

பச்சை மூங்கிலின் பலவீனமும் இந்தக் கட்டில்தான் தெரியவரும். வெட்டிய மூங்கில் காயக் காயச் சுருங்குகிறது. கட்டும்போது விரல் நுழையாத இறுக்கத்தில் இருந்த கட்டு, இரண்டு மூன்று நாளில் தளர்ந்துவிடும். நார்க்கயிறு மழையில் நனைந்தால் புடைத்து இறுகும். பிளாஸ்டிக் கயிறு அப்படி இறுகாது, நெடுநாள் வெயிலில் கிடந்தால் நார்நாராக உதிரவும் செய்யும். தளர்ச்சியைக் கண்டுபிடிக்க ஏணி தேவையில்லை. காலைப் பிடித்து ஆட்டினால் கட்டு இருக்கும் இடத்தில் கிரீச் என்று சத்தம் வரும். கட்டை ஒட்டி மூங்கிலின் தோல் பளபளவென்று தேய்ந்திருக்கும். அப்படித் தெரிந்தால் கயிற்றை அவிழ்க்காமலேயே, இரு கழிகளுக்கும் நடுவில் குறுக்குச் சுற்றுப் போட்டு இழுத்து இறுக்கலாம்.

தூக்குவிசை கீற்றிலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து மூங்கிலுக்கும் வந்து, கடைசியில் மண்ணில்தான் முடிகிறது. முகூர்த்தக்கால் ஊன்றி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை செய்தபின் மற்றக் கால்களை நடுவார்கள். எல்லாக் காலுக்கும் முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி, கல் போட்டு, மண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கல் மூங்கிலுக்கும் மண்ணுக்கும் இடையே ஆப்பாக இறுகி, கால் மேலே வழுக்காமல் பிடிக்கிறது. தோட்டத்துச் செம்மண் இதற்கு நல்ல மண். கிந்தா பள்ளத்தாக்கில் பல இடங்கள் பழைய ஈய லம்பங்கள். ஈயம் கழுவி எடுத்தபின் கொட்டிய மணல். அதில் அதே ஆழத்துக்கு நட்ட காலை இரண்டு பேர் அசைத்தே பிடுங்கிவிடலாம். அங்கே குழி ஆழமாக வேண்டும், அல்லது தூரத்தில் முளை அடித்து இழுவைக் கயிறு கட்ட வேண்டும். முதல் காற்று அடித்து ஓய்ந்ததும் காலடியைப் பார்த்தால் உண்மை தெரியும். மூங்கிலுக்கும் மண்ணுக்கும் நடுவே பிறை வடிவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் அந்தக் கால் ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது.

தோட்டம் தந்த இன்னொரு காவலையும் சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாகப் பால் மரங்கள் நின்றன. மரவரிசை காற்றின் வேகத்தைக் குறைக்கும்; மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை அந்தக் குறைவு உணரப்படும். வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசி என்பதை நினைவில் கொண்டால், பந்தல் நின்றதில் கட்டியவரின் திறமைக்கும் கீற்றுக்கும் பங்கு இருந்ததுபோல் மரங்களுக்கும் பங்கு உண்டு என்பது தெரியும். திறந்த சாலையோரத்தில் அதே பந்தலைக் கட்டினால் அதே உறுதியை எதிர்பார்க்க முடியாது.

ஈப்போவின் தார்ச்சாலையில் சிக்கல் முற்றுகிறது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடிகள் போகும் பாதை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கின்றன. தாரில் குழி தோண்ட முடியாது. அப்படியானால் எடைதான் வழி. முன்னே பார்த்த கணக்கை முடித்துவிடுவோம். மிஞ்சிய 355 கிலோவை நான்கு கால்களுக்குப் பங்கிட்டால் ஒரு காலுக்கு 90 கிலோ வருகிறது. ஆனால் உறிஞ்சல் காற்று வரும் பக்கத்தில்தான் அதிகம். அந்தப் பக்கத்து இரண்டு கால்களே முழுவதையும் தாங்க நேரலாம். அப்போது காலுக்கு 180 கிலோ. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், நான்கு காலுக்கும் ஒவ்வொரு டிரம் வேண்டும். வழக்கமாகக் கட்டிவிடும் ஒரு சிமெண்டுக் கட்டியோ, ஒரு தண்ணீர்ப் பெட்டியோ இந்தக் கணக்குக்குப் போதாது.

தேர் என்பதும் ஒரு வகையில் நகரும் பந்தல்தான். செதுக்கிய மரத்தாலான அடித்தேர் நிரந்தரம். அதன்மேல் ஆண்டுதோறும் மூங்கில் கட்டி, துணி போர்த்தி, தொம்பை தொங்கவிட்டு எழுப்பும் மேற்பகுதி தற்காலிகம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். அதில் மரத்தேர் ஏறத்தாழ 30 அடிதான். மீதி உயரம் மூங்கிலும் துணியும். கனமெல்லாம் கீழே இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது. அவ்வளவு உயரமும் சக்கரங்களின் அகலத்துக்குள் நிதானமாக நிற்கிறது. அடித்தேரின் எடை, பந்தலுக்கு மண் செய்யும் வேலையைச் செய்கிறது. மேலே மரமோ இரும்போ வைத்தால் இந்தச் சமநிலை கெடும். ஆனால் உயரத்துக்குக் காற்றைவிடக் கொடிய எதிரி ஒன்று இன்று உண்டு. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பாதையில் தொங்கும் மிகத் தாழ்ந்த கம்பி. வழி நெடுகிலும் நடந்து அதை அளந்துவிட்டுத்தான் மூங்கிலை வெட்ட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், பால் மரம் வெட்டிவிட்டு மாலையில் பந்தல் கட்டிய கைகள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிவிட்டன. கீற்று முடைய ஆளில்லை. கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் கூடாரத்தைப் போட வரும் ஆளிடம் கோயில் குழுவினர் மூன்று விஷயங்களைக் கேட்டாக வேண்டும். காலை எதில் கட்டுகிறீர்கள், அதன் எடை எவ்வளவு? குளிர்காற்று வந்ததும் பக்கத் துணியை அவிழ்க்க யார் நிற்பார்? துணியில் தண்ணீர் எங்கே தேங்கும்? கீற்றுப் பந்தல் போட்ட பெரியவர்கள் இந்த மூன்றுக்கும் பதிலைக் குழியிலும் இடுக்கிலும் சரிவிலும் கட்டி வைத்திருந்தார்கள். இரும்புக் கூடாரத்தில் அந்தப் பதில்கள் தாமாக வருவதில்லை. கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.